உருக்குவதற்கு முன்பே எழுதிய அறிமுகம்

கங்காதரன் அந்த அறிமுகத்தை எழுதி முடித்தபோது ஒரு கேனைக்கூட உருக்கிப் பார்த்திருக்கவில்லை.

அதில் தப்பொன்றும் இல்லை. பாலிடெக்னிக்கில் அதுதான் முறை. ப்ராஜெக்ட் செய்யப் போகிறவர்கள் முதலில் அறிமுகத்தை எழுதிக் காட்ட வேண்டும். என்ன செய்யப் போகிறோம், அதை ஏன் செய்யப் போகிறோம் என்று ஒரு பக்கம். துளசிராமன் சார் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உலைக்கூடத்தின் சாவி கிடைக்கும். கடைசி வருடம் உலோகவியல் படித்த கங்காதரனுக்கு எழுத்து சுலபமாக வரும். கூட்டாளி நாகேஷுக்குக் கை வேலை சுலபமாக வரும். அதனால் எழுத்து இவன் பொறுப்பு, உலை அவன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டார்கள்.

இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பயன்படுத்திக் கழித்த அலுமினியப் பால் கேன்களை உருக்கிப் பாளங்களாக வார்ப்பதே இத்திட்டத்தின் நோக்கம். நம் வட்டாரத்தில் பால் சேகரிப்பு பெருகியதிலிருந்து நசுங்கிய, ஓட்டை விழுந்த கேன்கள் குவிகின்றன. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். பழையதை உருக்க அதில் மிகச் சிறு பங்கே போதும். அறுநூற்று அறுபது டிகிரியில் உருகிவிடும் உலோகம் என்பதால் ஒரு கரி உலையும் உலோகம் உருக்கும் கிண்ணமான ஒரு குரூசிபிளும் இருந்தால் எவரும் இதை எளிதாகவும் ஆபத்தின்றியும் செய்யலாம்."

கடைசி வாக்கியம் அவனுக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அறிமுகம் என்றால் அப்படித்தான் ஒரு தூக்குத் தூக்கி முடிக்க வேண்டும் என்று நினைத்தான். சாரும் படித்துவிட்டு, "குட்" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் அவன் அப்பா ஆறுமுகத்துக்குப் பாத்திரக் கடை. புதுப் பாத்திரம் முன்பக்கம், பழசு பின்பக்கம். பால் கேன்களும் அவர் கடைக் கொல்லையிலிருந்து வந்தவைதான். மகன் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டவர், கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"இன்னாடா சொல்ற, எவன் வேணா செய்யலாமா? அப்புறம் நாம எதுக்கு இத்த லாரில ஏத்திப் பெங்களூருக்கு அனுப்பினு கெடக்குறோம்?"

"இன்னும் செஞ்சு பாக்கல நைனா."

"எழுதிட்ட இல்ல?" என்றார் ஆறுமுகம். அவரைப் பொறுத்தவரை அச்சடித்த மாதிரி டைப் அடித்து, வாத்தியார் கையெழுத்தும் விழுந்தது என்றால் அது நடந்து முடிந்த காரியம்.

ஜூலை மாதம் முதல் முறை உலை ஏற்றினார்கள். கேன்களை முந்தின நாளே கழுவி, வாளால் அறுத்து, உளியால் பிளந்து, வெயிலில் காயப்போட்டு வைத்திருந்தார்கள். இரும்புக் கைப்பிடிகளையும் ஆணிகளையும் நாகேஷ் தட்டி எடுத்திருந்தான். கோக் கரி கனன்றதும் குரூசிபிளில் முதல் துண்டுகளைப் போட்டார்கள். துண்டுகள் கறுத்து, ஓரம் சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, மெல்ல உள்ளே அமிழ்ந்தன. மேலே சாம்பல் நிற ஆடை. அதை ஒதுக்கினால் அடியில் கண்ணாடி போல உலோகம்.

"பால் மாதிரியே இருக்குது பாருடா" என்று நாகேஷ் சிரித்தான். "கேன்லயும் பால், கேனும் பால்."

குரூசிபிளில் இன்னும் இடம் இருந்தது. அடுத்த துண்டை நாகேஷ் இடுக்கியில் எடுத்தான். கேனின் வாய்ப்பகுதி அது. விளிம்பை உருட்டி மடித்திருக்கும் கெட்டியான வளையத் துண்டு. அதை உருகிய உலோகத்துக்குள் இறக்கினான்.

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். குரூசிபிளுக்குள் இருந்தது மேலே எழும்பிச் சிதறியது. கூரைத் தகரத்தில் படபடவென்று அடித்த சத்தம் கங்காதரனுக்குக் கேட்டது. அதற்கப்புறம்தான் நாகேஷின் குரல் கேட்டது. வலது முன்கையிலும் கழுத்துப் பக்கத்திலும் வெள்ளி வெள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கங்காதரன் கொஞ்சம் தள்ளி அச்சைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தான். அவன்மேல் ஒரு பொட்டு கூடப் படவில்லை.

நாகேஷை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியவன் நேரே உலைக்கூடத்துக்குப் போனான். மிச்சம் இருந்த வாய்ப்பகுதித் துண்டுகளில் ஒன்றைக் கிடுக்கியில் மாட்டி, மடிந்த விளிம்பை உளியால் பிரித்தான். உள்ளே கசகசவென்று ஈரம். கழுவின தண்ணீரும் பழைய பால் கசடும் சேர்ந்து வெள்ளையாக, புளித்த நாற்றத்தோடு. வெளியே தொட்டால் எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. உள்ளே வெயில் போகவே இல்லை. உருகிய உலோகத்துக்கு அடியில் அந்தத் தண்ணீர் போனதும் ஒரு நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் பெருத்து, மேலே இருந்ததை எல்லாம் தூக்கி எறிந்திருக்கிறது.

முதலில் போட்ட துண்டுகளிலும் ஈரம் இருந்திருக்கும். ஆனால் அப்போது குரூசிபிளில் உலோகக் குழம்பு இல்லை. மெதுவாகச் சூடேறியதில் ஈரம் தானாக ஆவியாகிப் போய்விட்டது. இரண்டாம் முறை போடுவதுதான் ஆள் விழுங்கி. எவரும் எளிதாகவும் ஆபத்தின்றியும். அந்த வார்த்தைகள் அவன் மண்டைக்குள் ஈ மாதிரி சுற்ற ஆரம்பித்தன.

வீட்டில் அப்பா கேட்டபோது, "நாகேஷுக்குக் கொஞ்சம் சூடு பட்டுச்சு நைனா, இப்ப பரவால்ல" என்று மட்டும் சொன்னான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. முழுசாகச் சொன்னால் பேச்சு நேரே தான் எழுதிய பக்கத்தில் வந்து நிற்கும் என்று பயந்தானோ என்னவோ.

அதற்கப்புறம் அவனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்காருவான், எழுந்துவிடுவான். ஆஸ்பத்திரியிலிருந்து நாகேஷ் வந்துவிட்ட பிறகு மாரிகுப்பம் வரை நடப்பான், அவன் வீட்டுக்குள் போகாமலே திரும்பிவிடுவான். அறிமுகத்தை எடுப்பான், கடைசி வாக்கியத்தை அடிப்பான், பிறகு வேறு தாளில் அதையே மறுபடி எழுதுவான்.

கடைசியில் துளசிராமன் சாரிடமே போனான். அந்த வாக்கியத்தை எடுத்துவிடலாம், என்ன நடந்தது என்று எழுதலாம், நோக்கத்தையே 'பாதுகாப்பாக உருக்கும் வழியைக் கண்டறிவது' என்று மாற்றலாம் என்றான்.

சார் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செஞ்சு முடிச்ச பிறகு நோக்கத்தை மாத்தினா அது நோக்கமே இல்ல, கங்காதரா. நாம முதல்லயே எல்லாம் தெரிஞ்ச ஆளுங்கன்னு காட்டிக்கிற கதை. அத நான் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப அந்தக் கடைசி வரி, சார்?"

"அறிமுகத்துக்கு வேண்டியது நோக்கமும் பின்னணியும். ஆக்ஸிடென்ட்டுக்கு அங்க இன்னா வேலை? வெளியிலேந்து எக்ஸாமினர் வருவாரு. மொதப் பக்கத்துலயே பையன் வெந்தான்னு இருந்தா இந்த உலைக்கூடத்தையே பூட்டிடுவாங்க. உனக்கு அடுத்து வர்ற பசங்க எங்க போவாங்க?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "நாகேஷ் இன்னா சொல்றான்னு மொதல்ல கேளு" என்றார்.

அன்று மாலை மாரிகுப்பத்தில் நாகேஷ் வீட்டுக்குள் போனான். சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. வாசல் பக்கத்தில் தாயம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நாகேஷின் அம்மா. புருஷன் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு ஷிப்டுக்குப் போயிருந்தான்.

"வாப்பா. இத்தினி நாளா எங்க போயிட்ட?" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, அதனால்தான் சுருக்கென்றது. "உள்ளதான் கீறான். ராத்திரி எரியுதுன்றான். பகல்ல பேச மாட்டேன்றான்."

நாகேஷின் கை தோள்வரை கட்டுக்குள் இருந்தது. கழுத்தில் மஞ்சள் மருந்து. கங்காதரன் விளிம்பைப் பிரித்துப் பார்த்ததையும், தான் எழுத நினைத்ததையும் சொன்னான்.

"எழுதாத" என்றான் நாகேஷ்.

"ஏன்டா?"

"அடுத்த மாசம் பவுண்டரி வேலைக்கு இன்டர்வியூ இருக்குது. பேப்பர்ல நான் போட்ட துண்டு வெடிச்சுதுன்னு நீ எழுதினா, கைய சுட்டுக்கினவன எவன் உலைகிட்ட விடுவான்? நீ பாத்திரக் கடைக்காரன் புள்ள. இது இல்லாங்காட்டி இன்னொண்ணு. எனக்கு ஷாஃப்ட்தான். சுரங்கத்துக்குள்ள எங்கப்பன் எறங்குற அதே கேஜ்."

"உன் தப்புன்னு எழுத மாட்டேன்."

"அப்ப யார் தப்புன்னு எழுதுவ?"

கேன்களைக் கழுவியது கங்காதரன்தான். காய்ந்துவிட்டது என்று தொட்டுப் பார்த்துச் சொன்னதும் அவன்தான். நாகேஷ் கண்ணை மூடிக்கொண்டான். தாயம்மா கொண்டுவந்த காபியைக் குடிக்காமல் கங்காதரன் எழுந்து வந்துவிட்டான்.

சாரும் வேண்டாம் என்கிறார், வெந்தவனும் வேண்டாம் என்கிறான். அப்புறம் தனக்கு மட்டும் என்ன அரிப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஒரு வாரம் கழித்து, மழை தூறிய ஒரு மத்தியானம், அறிமுகத்தை மாற்றமே இல்லாமல் நல்ல பிரதி எடுப்பதற்காக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனான்.

அங்கே டைப் அடித்துக் கொடுப்பது ஐடா. ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்குப் பக்கத்து வீடு, கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவள். தாளை வாங்கிப் பார்த்ததுமே சிரித்தாள்.

"மறுபடி இதேவா? இதோட கார்பன் காப்பிய உங்கப்பா போன வாரம் வந்து வாங்கினு போனாரே. பெங்களூரு ஆளு ஒருத்தர்கிட்ட காட்டிக் கேட்டாராம், அவரும் செய்யலாம்னு சொல்லிட்டாராம். காலைல இந்தப் பக்கம் போறச்சே சொன்னாரு, கடைக்குப் பின்னாடி உலை போட்டாச்சு, இன்னிக்கு உருக்குறோம்னு. வெரி ஹாப்பி மேன்."

கங்காதரன் கையை நீட்டியபடியே நின்றான். "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்ப்பா. ஏன்?"

கொல்லையில் கேன்கள் வானம் பார்த்துக் கிடப்பது அவனுக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தூறல். தாளை ஐடாவின் மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினான். பஜாரின் குறுக்கே, வெற்றிலைக் கூடைகளைத் தாண்டி, ஒரு சைக்கிள்காரர் திட்டத் திட்ட, செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் பார்க்காமல் ஓடினான்.

கடைக் கொல்லையில் புது மண் மெழுகிய உலை. காற்று ஊதக் கையால் சுற்றும் ஒரு பழைய துருத்தி. தட்டானிடம் கேட்டு வாங்கி வந்த பெரிய மூசை, குரூசிபிளுக்கு அவர்கள் வழக்கத்தில் அந்தப் பெயர். ஆறுமுகம் வேட்டியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக நின்றார். கடையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் பெருமாள் இடுக்கியோடு உலையருகில் குனிந்திருந்தார்.

"வாடா, வா! பாரு இத்த! நீ எழுதினா மாதிரியே உருகிப் போச்சு. ஒரு கொறையும் இல்ல!"

மூசையில் முதல் போடு அமைதியாகப் பளபளத்தது. பெருமாளின் இடுக்கியில் ஒரு வாய்ப்பகுதித் துண்டு. அதன் அடி ஓரத்தில் மழைத் தண்ணீர் ஒரு சொட்டு தொங்கியது.

"பெருமாளண்ணா, போடாதீங்க!" கங்காதரன் கத்தினான். "பின்னாடி போங்க! எல்லாரும் பின்னாடி போங்க!"

பெருமாள் திடுக்கிட்டு நின்றார். ஆறுமுகத்துக்குச் சிரிப்பு போய்விட்டது.

"இன்னாடா இது? மொத தடவ போட்டதும் ஈரந்தான். ஒண்ணும் ஆவல. நீதான எழுதின, எவன் வேணா செய்யலாம்னு?"

"தப்பா எழுதிட்டேன் நைனா."

"வாத்தியார் கையெழுத்து போட்டிருக்காரே!"

"அவருக்கும் தெரியாது. எனக்கும் அப்பத் தெரியாது. நாகேஷுக்குக் கொஞ்சம் சூடு படல நைனா, கையும் கழுத்தும் வெந்துபோச்சு. இந்தத் துண்டாலதான்."

ஆறுமுகம் நம்பாத மாதிரி பார்த்தார். கங்காதரன் பெருமாளின் கையிலிருந்து இடுக்கியை வாங்கி, துண்டை மூசைக்கு மேலே கொண்டுபோகாமல், உலைவாயின் ஓரத்தில் வெப்பம் படும்படி பிடித்தான். மேலே இருந்த ஈரம் சட்டென்று காய்ந்தது. துண்டு வெள்ளையாகக் காய்ந்துவிட்ட மாதிரிதான் தெரிந்தது. "அதான் காஞ்சு போச்சே" என்றார் ஆறுமுகம். கங்காதரன் பிடித்துக்கொண்டே நின்றான். கொஞ்ச நேரத்தில் மடிந்த விளிம்பின் இடுக்கிலிருந்து உஸ்ஸென்று ஆவி சீறியது. பின்னாலேயே கொதிக்கும் தண்ணீர் குமிழி குமிழியாக வெளியே வந்தது. நிற்காமல் வந்தது.

"இத்தினி தண்ணி உள்ள இருந்துச்சு" என்றான். "இது அந்தக் கொழம்புக்கு அடியில போனா மேல இருக்கறது மொத்தமும் பெருமாளண்ணன் மூஞ்சியிலதான்."

பெருமாள் தன் முகத்தை ஒருமுறை கையால் தடவிக்கொண்டு, சுவரோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். ஆறுமுகம் மகன் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆனால் கங்காதரனுக்கு ஓங்கி அறைந்திருந்தால் தேவலாம் போலிருந்தது.

அன்றே அவன் மறுபடி மாரிகுப்பம் போனான். இந்தத் தடவை வாசலில் தயங்கவில்லை. கடைக் கொல்லையில் நடந்ததை நாகேஷிடம் சொன்னான்.

"உன் பேர எழுதல. ஆனா அந்த வரிய விடமாட்டேன்டா. எங்கப்பாவே அதக் கேட்டுட்டுத்தான் உலை வெச்சாரு. இன்னும் எவனெவன் வெப்பான்னு எனக்குத் தெரியாது. நீ கோச்சுக்கினாலும் சரி."

நாகேஷ் அவன் பக்கமாகத் திரும்பிப் படுத்தான்.

"இன்னான்னு எழுதப் போற?"

"ஈரமான கேன்களைப் போட்டதால் உலோகம் வெடித்துச் சிதறியதுன்னு."

"அது பொய்" என்றான் நாகேஷ். "ஈரமா இருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன். தொட்டுப் பாத்துத்தான் போட்டேன். காஞ்சுதான் இருந்துச்சு. காஞ்சா மாதிரி தெரியும், உள்ள தண்ணி இருக்கும்னு எழுது. மடிச்ச வெளிம்புன்னு எழுது. வெறும் ஈரம்னு எழுதினா படிக்கறவன் வெயில்ல காயவெச்சிட்டு நம்மள மாதிரியே போடுவான்."

கங்காதரன் தலையாட்டினான். இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை நாகேஷ் படுத்துக்கொண்டே சொல்லிவிட்டான்.

துளசிராமன் சாரிடம் போன புதுப் பக்கத்தில் நோக்கம் மாறவே இல்லை. கேன்களை உருக்கிப் பாளமாக வார்ப்பது, அவ்வளவுதான். சார் கேட்டபடி அதை அவன் தொடவில்லை. பின்னணியின் கடைசியில் மட்டும் 'எவரும்' போய், வேறு வந்திருந்தது: "இது எளிய வேலை என்று எண்ணியே தொடங்கினோம். முதல் சோதனையில், வெளியே காய்ந்து தெரிந்த ஒரு துண்டின் மடித்த விளிம்புக்குள் தங்கியிருந்த நீரால் உலோகம் சிதறி ஒருவர் காயமடைந்தார். ஆகவே இரண்டாம் சோதனையில் விளிம்புகளை அறுத்துப் பிரித்து, எல்லாத் துண்டுகளையும் உலைமேல் சூடாக்கிய பிறகே சேர்த்தோம்."

"இரண்டாம் சோதனையா? அது எப்ப நடந்துச்சு?" என்றார் சார்.

"இன்னும் நடக்கல சார். நீங்க சாவி குடுத்தாத்தான்."

சார் அந்தப் பக்கத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். தன்னைப் போலவே அவருக்கும் கால் நிற்கவில்லை என்று கங்காதரனுக்குத் தோன்றியது.

"மறுபடி நடக்காததை நடந்ததா எழுதிக்கினு வந்திருக்க. அந்தப் புத்தி போகல உனக்கு" என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்தார். "இந்தத் தடவ நானும் கூட நிக்கறேன். முடிஞ்சப்புறம் கையெழுத்து."

இரண்டாம் முறை துண்டுகளை உலை வாயில் அடுக்கிக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கினார்கள். இடுக்கியையும் கரண்டியையும்கூட. கட்டுப்போட்ட கையோடு நாகேஷ் தூரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னும் வை, இன்னும் வை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு துண்டு உள்ளே போகும்போதும் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. கசடை வழித்தெடுத்து, சூடான இரும்பு அச்சுகளில் ஊற்றினார்கள். பாளங்கள் மேலே லேசாகக் குழிந்து, சொரசொரப்பாக, சுமாராகத்தான் வந்தன. நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தேறியது, மிச்சம் கசடாகப் போயிற்று.

வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் பெங்களூரிலிருந்து வந்த ஒரு வயதான இன்ஜினியர். முதல் பக்கத்திலேயே விரலை வைத்து, "காயமடைந்தது யாரு?" என்றார். துளசிராமன் சார் மேஜையைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றான் நாகேஷ், சட்டைக் கையை மேலே இழுத்து. சிவந்து இழுத்திருந்த தோலை அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் அரை மணி நேரம் நாகேஷையே கேள்வி கேட்டார். விளிம்பைப் பற்றி, ஆவியைப் பற்றி, மூசையைப் பற்றி. கங்காதரனிடம் ஒன்றிரண்டுதான்.

இரண்டு பேரும் பாஸானார்கள். நாகேஷுக்கு அந்த பவுண்டரி வேலை கிடைக்கவில்லை. கையைப் பார்த்துத்தான் வேண்டாம் என்றார்களா, வேறு காரணமா, யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் அலைந்த பிறகு பங்காருபேட்டையில் ஒரு சின்ன வார்ப்படக் கடையில் சேர்ந்தான்.

சேர்ந்த வாரம் கங்காதரன் ரயிலேறிப் போய்ப் பார்த்தான். கடைக்கு எதிரே டீக்கடையில் நின்றார்கள்.

"இன்னும் எம்மேல கோவமா?" என்றான் கங்காதரன்.

"இருக்குது" என்றான் நாகேஷ். "அந்த வரி இல்லாங்காட்டி அந்த வேலை கெடச்சிருக்குமோன்னு தோணும். அப்புறம் பெருமாளண்ணன நெனப்பேன். அப்புறம் மறுபடி தோணும்." டீயை ஒரு வாய் குடித்தான். "உங்கப்பா இன்னா பண்றாரு?"

"கேனெல்லாம் லாரியிலதான் அனுப்புறாரு. உலைய இடிக்கல. கோழி அடைச்சு வெச்சிருக்காரு."

நாகேஷ் சிரித்துவிட்டான். உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டம்ளரை வைத்துவிட்டு, கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, அவன் ரோட்டைத் தாண்டிப் போனான்.